படத்தின் கீழே நான் எழுதிய 22 பெயர்கள்

2021 செப்டம்பர் இறுதியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை அடுப்பில் பால் வைத்திருந்தபோது தொலைபேசி ஒலித்தது. எங்கள் கூட்டங்களுக்குத் தவறாமல் வரும் ஓர் அம்மா பேசினார். எப்போதும் நலம் விசாரித்துவிட்டுத்தான் விஷயத்துக்கு வருவார். அன்று எடுத்த எடுப்பிலேயே, "டீச்சர், நெட்டில் என் பெண்ணின் பெயரை யார் போட்டது?" என்று கேட்டார்.

போட்டது நான்தான்.

என் மகனுக்கு ஒன்பது வயதில் முதல் வலிப்பு வந்தது. எங்களைப் போன்ற சில குடும்பங்கள் சேர்ந்து மதுரையில் மாதம் ஒரு முறை கூடிப் பேசிக்கொண்டிருந்தோம். எந்த மாத்திரைக்கு என்ன பக்கவிளைவு, பள்ளியில் என்ன சொல்லலாம், வலிப்பு வந்தவர் கையில் சாவிக்கொத்தைத் திணிக்க ஓடி வருகிறவர்களை எப்படித் தடுப்பது என்பவைதான் எங்கள் பேச்சு. ஒரு பள்ளி வகுப்பறையில் பன்னிரண்டு பேர் அமர்ந்த அந்தக் கூட்டம், 2020இல் ஊரடங்கு வந்ததும் ஜூமுக்கு மாறியது. அதன் பிறகு வெளியூர்களிலிருந்தும் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். மகிழ்ச்சியாக இருந்தது. நான் சில காலம் ஒரு சங்கத்தின் மாத இதழைப் பார்த்துக்கொண்டவள் என்பதால், கூட்டக் குறிப்பு எழுதி எங்கள் இணையதளத்திலும் முகநூல் பக்கத்திலும் போடும் வேலை என்னிடம் வந்தது.

அந்தச் செப்டம்பர் கூட்டத்தின் தலைப்பு ‘வலிப்பு நோயும் திருமணமும்’. நரம்பியல் மருத்துவர் ஒருவர் ஒரு மணி நேரம் பேசினார். வால்ப்ரோயேட் மாத்திரை கருவைப் பாதிக்கக்கூடும் என்பதால், பெண்கள் கர்ப்பத்துக்குத் திட்டமிடும் முன்பே மருத்துவரிடம் பேசி மருந்தை முறைப்படுத்திக்கொள்ள வேண்டும், தாங்களாக நிறுத்தக் கூடாது என்றார். வலிப்பு நோய் இருந்தால் திருமணம் செல்லாது என்று இன்னும் நினைப்பவர்கள் உண்டு, அப்படி இடம் தந்த வாசகம் இந்து திருமணச் சட்டத்திலிருந்து 1999இலேயே நீக்கப்பட்டுவிட்டது என்றும் விளக்கினார். நோயை மறைத்துக் கல்யாணம் செய்யாதீர்கள், நிச்சயத்துக்கு முன்பே நீங்களே சொல்லிவிடுங்கள், எப்படிச் சொல்வது என்று முதலில் ஒத்திகை பார்த்துக்கொள்ளுங்கள் என்பது அவர் கடைசியாகச் சொன்னது.

முடியும் நேரத்தில், "ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுக்கிறேன், எல்லோரும் கொஞ்சம் சிரியுங்கள்" என்றேன். யாரும் மறுக்கவில்லை. சிலர் கையசைத்தார்கள். 34 பேர் வந்திருந்தார்கள். என் திரையின் முதல் பக்கத்தில் 25 கட்டங்கள் இருந்தன. மறுநாள் குறிப்பு எழுதிப் படத்தைச் சேர்த்தேன். கட்டங்கள் சிறியவை, முகங்கள் சரியாகத் தெரியவில்லை, கேமராவை அணைத்திருந்தவர்களின் கட்டத்தில் வெறும் பெயர்தான் இருந்தது. அச்சு இதழில் படத்தின் கீழே ‘இடமிருந்து வலமாக’ என்று பெயர் போட்டே பழகியவள் நான். பெயர் விட்டுப்போனால் வருத்தப்படுவார்கள் என்பதுதான் அன்று என் கவலையாக இருந்தது. மருத்துவர், நான், தொழில்நுட்ப உதவி செய்யும் தம்பி ஆகிய மூவர் போக 22 பேரின் பெயர்களைப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துத் தட்டச்சு செய்தேன். ஊர் தெரிந்தவர்களுக்கு ஊரையும் சேர்த்தேன். ஒருவர் முதலெழுத்துகளை மட்டும் வைத்துக்கொண்டு வந்திருந்தார். எனக்கு அவரைத் தெரியும் என்பதால் முழுப் பெயரையும் நானே நிரப்பினேன்.

அந்த அம்மாவின் மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளையின் சித்தி பெண்ணின் பெயரையும் ஊரையும் தேடுபொறியில் போட்டுப் பார்த்திருக்கிறார். இப்போது எல்லா வீட்டிலும் நடப்பதுதான் இது. முதல் பக்கத்திலேயே எங்கள் கூட்டக் குறிப்பு வந்திருக்கிறது. ‘வலிப்பு நோயும் திருமணமும்’ என்ற தலைப்பு, அதற்குக் கீழே பெண்ணின் பெயர், பக்கத்தில் ஊர். அதற்கு மேல் அவர்கள் ஒன்றும் கேட்கவில்லை. தரகர் மூலம் ‘ஜாதகம் பொருந்தவில்லை’ என்று சொல்லியனுப்பிவிட்டார்கள். உண்மைக் காரணத்தை இரண்டு நாள் கழித்து வேறொரு உறவினர் சொல்லித்தான் இவர்கள் தெரிந்துகொண்டார்கள்.

அந்தப் பெண் கூட்டம் முழுக்கக் கேமராவை அணைத்தே வைத்திருந்தவள். படத்தில் அவள் கட்டம் கறுப்பாகத்தான் இருந்தது. ‘பெண் பார்க்க வரும் நாளில் நானே அவரிடம் தனியாகச் சொல்லிவிடுகிறேன் அம்மா’ என்று கூட்டம் முடிந்த இரவே சொல்லியிருக்கிறாள். என்ன வார்த்தைகளில் சொல்வது என்று ஒரு தாளில் எழுதியும் வைத்திருந்தாளாம். அம்மா அதைச் சொன்னபோது என்னால் பேச முடியவில்லை. அவள் தன் வாயால், தனக்குத் தோதான நேரத்தில் சொல்ல வேண்டியதை, அவளைக் கேட்காமல் ஊர் உலகத்துக்கு நான் சொல்லிவிட்டேன்.

பெயர் ஒன்றும் ரகசியம் இல்லையே என்று எங்கள் குழுவிலேயே ஒருவர் எனக்கு ஆறுதல் சொன்னார். தனியாகப் பார்த்தால் ரகசியம் இல்லைதான். பெயர் ரேஷன் அட்டையில் இருக்கிறது, கல்யாணப் பத்திரிகையில் இருக்கிறது. ஆனால் வலிப்பு நோய்க் கூட்டத்தின் தலைப்புக்குக் கீழே அதே பெயர் வரும்போது அது ஒரு மருத்துவச் சான்றிதழைப் போல ஆகிவிடுகிறது. குடி நோயாளிகளின் குடும்பத்தார் கூடும் கூட்டம், பணியிடத்தில் பாலியல் தொல்லைக்கு ஆளானவர்கள் பேசும் கூட்டம், சங்கம் அமைக்க நினைக்கும் தொழிலாளர்களின் முதல் கூட்டம் ஆகிய எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். அங்கே வந்தவர் தன் பெயரை உள்ளே இருக்கும் முப்பது பேரிடம் சொல்லியிருக்கிறார், அவ்வளவுதான்.

படத்தை மட்டும் போட்டிருந்தால்கூடத் தீங்கு இருந்திருக்கும். ஆனால் சின்னக் கட்டத்தில் மங்கலாக இருக்கும் முகத்தை ஏற்கெனவே அறிந்தவர்தான் அடையாளம் காண முடியும். தட்டச்சு செய்த பெயரை அவளை ஒருமுறைகூடப் பார்த்திராத சித்தி தேடிக் கண்டுபிடிக்க முடியும். நான் செய்த கூடுதல் கேடு அதுதான்.

அன்று மாலையே அந்த 22 பேரையும் ஒவ்வொருவராக அழைக்கத் தொடங்கினேன். நான்கு நாள் ஆனது. 20 பேரிடம் பேச முடிந்தது. ஏழு பேர் பரவாயில்லை என்றார்கள். அதில் ஒருவர், "என் பெயர் இருக்கட்டும் டீச்சர், நாலு பேர் பார்த்துத் துணிச்சல் பெறட்டும்" என்றார். மீதி 13 பேர் சொன்னவற்றைக் கேட்டபோதுதான் இணையவழிக் கூட்டத்தின் கட்டத்துக்குள் இருக்கும் பெயரைப் பற்றி எனக்கு எவ்வளவு குறைவாகத் தெரிந்திருக்கிறது என்பது புரிந்தது.

அந்தப் பெயர் எங்கிருந்து வருகிறது என்பதே பலருக்குத் தெரியாது. கணக்கில் உள்நுழைந்திருந்தால் கணக்கின் பெயர் வரும். இல்லையென்றால் நுழையும்போது தட்டச்சு செய்யும் பெயர், பெரும்பாலும் போன முறை கொடுத்ததே தயாராக நிற்கும். மகனின் ஆன்லைன் வகுப்புக்காக நிறுவிய ஜூமில் அம்மா நுழைந்தால் மகனின் பெயரும் வகுப்பும் பிரிவும் தெரியும். அப்படி ஏழாம் வகுப்புப் பையன் ஒருவனின் பெயரை நான் வலிப்பு நோய்க் கூட்டத்தின் பங்கேற்பாளர் வரிசையில் சேர்த்திருந்தேன். நோய் அவன் அம்மாவுக்கு. இன்னொருவர் அலுவலகக் கணினியிலிருந்து வந்திருந்தார். அவர் பெயரோடு நிறுவனத்தின் பெயரும் பிரிவும் ஒட்டியிருந்தன, நானும் அப்படியே எழுதிவிட்டேன். அவர் தன் மேலாளரிடம் நோயைப் பற்றி இதுவரை சொன்னதே இல்லை.

எல்லாவற்றையும் விட என்னைக் கலங்க வைத்தது வேறொன்று. கிராமத்திலிருந்து வந்திருந்த ஒரு பெண்ணிடம் சொந்தமாக ஸ்மார்ட்போன் கிடையாது. பக்கத்து வீட்டு அக்காவிடம், ‘பீஸ் கட்டுவது பற்றி ஒரு மீட்டிங்’ என்று சொல்லி ஒரு மணி நேரத்துக்குக் கைபேசியை வாங்கிக்கொண்டு தோட்டத்துப் பக்கம் உட்கார்ந்து கேட்டிருக்கிறாள். கட்டத்தில் இருந்தது அந்த அக்காவின் பெயர். ஆக, வலிப்பு நோய் இல்லாத, கூட்டத்துக்கே வராத ஒருவரின் பெயரை நான் வெளியிட்டிருக்கிறேன். அதைப் பார்த்து யாராவது அந்த அக்காவிடம் கேட்டால், கைபேசியை யார் வாங்கினார்கள் என்ற கேள்வி அடுத்து எழும். ஒரே பெயரில் இரண்டு பேருக்குத் தீங்கு செய்துவிட்டேன்.

கேமராவை அணைத்திருந்தவர்கள் எட்டுப் பேரிடம் பேசினேன். அந்த எட்டுப் பேருமே ‘கேமராவை அணைத்தால் நாம் தெரிய மாட்டோம்’ என்றுதான் நம்பியிருந்தார்கள். முகம் மறைகிறது, பெயர் அப்படியே நிற்கிறது. சொல்லப்போனால் முகம் இல்லாத கட்டத்தில் பெயர் நடுவில் பெரிய எழுத்தில் வருவதால் படத்தில் இன்னும் தெளிவாகப் படிக்க முடிகிறது. முதலெழுத்துகளோடு வந்தவரிடம் பேசும்போது எனக்கு நா எழவில்லை. "நான் வேண்டுமென்றேதான் சுருக்கி வைத்தேன் டீச்சர்" என்று மட்டும் சொன்னார். அவர் போட்ட திரையை நான் விலக்கியிருக்கிறேன். திரையில் தெரிந்ததற்கு மேல், கூட்டத்தை நடத்துகிறவள் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைக் கொண்டு நிரப்பியது அது.

நான் அனுமதி கேட்கவில்லையா என்றால், கேட்டதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ‘எடுக்கிறேன், சிரியுங்கள்’ என்பது அனுமதி கேட்பது ஆகாது. ‘யாருக்காவது ஆட்சேபம் இருக்கிறதா?’ என்று கேட்டிருந்தாலும் போதாது. முப்பது பேர் முன்னால் ‘எனக்கு வேண்டாம்’ என்று சொல்வதே தன்னிடம் மறைக்க ஏதோ இருக்கிறது என்று அறிவிப்பது போல ஆகிவிடும். அதனால் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். படத்தில் இருக்கச் சம்மதித்தவர்கூட, அது இணையத்துக்குப் போகும் என்றோ, கீழே பெயர் எழுதப்படும் என்றோ நினைத்துச் சம்மதிக்கவில்லை. "குழுவுக்குள் வைத்துக்கொள்வீர்கள் என்று நினைத்தேன்" என்று ஐந்து பேர் கிட்டத்தட்ட ஒரே வார்த்தைகளில் சொன்னார்கள்.

இனி, போட்டதை எடுத்த கதை. முதல் பதற்றத்தில் முகநூல் பதிவைத் திருத்திப் பெயர்களை மட்டும் நீக்கினேன். எங்கள் தொழில்நுட்பத் தம்பிதான், "அம்மா, இப்படிச் செய்தால் பழையது அப்படியே இருக்கும்" என்று காட்டினான். பதிவின் மூன்று புள்ளிகளை அழுத்தி View edit history என்பதைத் தொட்டால் 22 பெயர்களும் வரிசையாக வந்தன. பதிவைப் பார்க்க முடிந்த எவரும் அதையும் பார்க்கலாம். அதனால் பதிவையே முழுதாக அழித்தோம். இணையதளத்தில் குறிப்பை நீக்கியதோடு படக் கோப்பையும் தனியாக அழிக்க வேண்டியிருந்தது; பக்கம் போன பிறகும் படத்தின் நேரடி முகவரி வேலை செய்துகொண்டிருந்தது. அதற்குப் பிறகும் கூகுள் தேடலில் அந்தப் பெயர்கள் கொண்ட இரண்டு வரி சில நாள் தெரிந்தது. அதற்கென்றே கூகுளில் Refresh Outdated Content என்ற கோரிக்கைப் பக்கம் உண்டு. நீக்கிய பக்கத்தின் முகவரியைக் கொடுத்தால் பழைய துணுக்கை எடுத்துவிடுகிறார்கள். மூலத்தை நீங்கள் முதலில் நீக்கியிருந்தால்தான் அது பயன்படும். வாட்ஸ்அப்பில் பகிரப்பட்ட படத்தை மட்டும் எதுவும் செய்ய முடியவில்லை. எத்தனை குழுக்களில் சுற்றியது என்று எனக்குத் தெரியாது.

பிறகு இதைப் பற்றித் தேடிப் படித்தபோது, இஸ்ரேலின் பென்-குரியன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020இல் செய்த ஒரு வேலையைப் பற்றி அறிந்தேன். மக்கள் தாங்களாகவே பொதுவில் போட்ட இணையவழிக் கூட்டப் படங்களில் 15,700க்கும் மேற்பட்டவற்றைத் திரட்டி, அவற்றிலிருந்து 1,42,000க்கும் அதிகமான முகங்களைக் கணினியால் பிரித்தெடுத்திருக்கிறார்கள். கட்டத்தில் உள்ள பெயரையும் எழுத்துணரி மென்பொருளால் படிக்க முடிந்தது. ஒரே ஆள் வேறு வேறு கூட்டங்களில் இருப்பதையும் இணைத்துப் பார்க்க முடிந்தது. அலுவலகக் கூட்டத்தில் முழுப் பெயரோடு தெரியும் ஒருவரை, பெயரே இல்லாமல் வேறொரு கூட்டத்தில் தெரியும் முகத்தோடு பொருத்திவிடலாம் என்பது இதன் பொருள். கீழே பெயர் எழுதாமல் விட்டாலும் கட்டங்களோடு படத்தைப் போடக் கூடாது என்று நான் முடிவு செய்தது அதைப் படித்த பிறகுதான்.

இப்போது எங்கள் கூட்டம் நடக்கும் விதம் மாறியிருக்கிறது. சுட்டி அனுப்பும் செய்தியிலேயே, ‘விருப்பமான எந்தப் பெயரிலும் வரலாம், உண்மைப் பெயர் தேவையில்லை’ என்று எழுதுகிறோம். காத்திருப்பு அறையில் ஒவ்வொருவரின் பெயரையும் பார்த்துத்தான் உள்ளே விடுகிறேன். பள்ளிப் பிள்ளையின் பெயரோ நிறுவனத்தின் பெயரோ தெரிந்தால், அதைப் பேச்சில் சுட்டிக்காட்டாமல் Rename மூலம் நானே ஓர் எழுத்தாக மாற்றிவிட்டு, தனிச் செய்தியில் தெரியப்படுத்துகிறேன். அவர்களே மாற்றிக்கொள்ள, Host tools பொத்தானில் Rename Themselves இயங்கும்படி வைத்திருக்கிறோம். தொடக்கத்தில், ‘கேமராவை அணைத்தாலும் உங்கள் பெயர் எல்லோருக்கும் தெரியும்’ என்று ஒரு வாக்கியம் சொல்கிறேன். ஒவ்வொரு முறையும் இரண்டு மூன்று பேர் அதைக் கேட்டதும் பெயரை மாற்றுகிறார்கள்.

எங்கள் மாதக் குறிப்பில் இப்போது வருவது பேச்சாளர் ஒருவரின் படம், அல்லது அவர் காட்டிய விளக்கப் படம் மட்டும்தான். பேச்சாளரை Spotlight செய்து அந்த ஒரு கட்டம் மட்டும் திரையில் இருக்கும்போது எடுக்கிறோம். எடுக்கும் முன் பங்கேற்பாளர் பட்டியலையும் உரையாடல் பெட்டியையும் மூட வேண்டும். ஒருவர் எனக்கு மட்டும் தனியாக அனுப்பிய கேள்வி என் திரையில் Direct Message என்ற குறிப்போடு நிற்கும். என் படத்தில் அதுவும் விழுந்துவிடும். அந்தச் செப்டம்பர் படத்தின் ஓரத்தில் அப்படி ஒரு கேள்வியின் பாதி தெரிந்ததைப் பிறகுதான் பார்த்தேன். நல்ல வேளையாக அதில் பெயர் வெட்டுப்பட்டிருந்தது.

கட்டாயமாகக் கட்டங்களோடு படம் வேண்டும் என்று நன்கொடையாளர் யாராவது கேட்டால் பெயர்களை மறைத்துத் தருகிறோம். மறைப்பதிலும் ஒரு பாடம் உண்டு. எழுத்தை மங்கலாக்குவது, சின்னச் சதுரங்களாகக் கலைப்பது இரண்டும் போதாது. அப்படிக் கலைத்த எழுத்தை மீட்க முயலும் இலவச நிரல்கள் 2020 முதலே கிடைக்கின்றன. கைபேசியில் உள்ள கறுப்பு மார்க்கரில் தேய்ப்பதும் ஆபத்து, அது முழுக் கறுப்பு இல்லை. படத்தின் வெளிச்சத்தைக் கூட்டினால் அடியில் இருக்கும் எழுத்து மேலே வருவதை நானே செய்து பார்த்தேன். முழுமையாக நிரம்பிய ஒரே நிறப் பட்டையைப் பெயரின் மேல் வைத்து, அந்தப் படத்தையே மறுபடி ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அந்த இரண்டாவது படத்தைத்தான் அனுப்புகிறோம். முகத்துக்கும் அப்படியே செய்தால் படத்தில் மீதி இருப்பது என்ன என்று நன்கொடையாளர்களே பிறகு கேட்பதில்லை.

இவ்வளவு செய்தாலும் அறைக்குள் இருக்கும் ஒருவர் தன் கைபேசியில் படம் எடுப்பதை நாங்கள் தடுக்க முடியாது. ஜூம் அதை யாருக்கும் அறிவிப்பதும் இல்லை. புதிதாக வருகிறவர்களிடம் இதை மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். பாதுகாப்பு இருக்கிறது என்று பொய்யாக நம்பவைப்பதைவிட, ‘இங்கே இவ்வளவுதான் எங்கள் கையில் இருக்கிறது’ என்று சொன்னால் எந்தப் பெயரில் வருவது, முகம் காட்டுவதா வேண்டாமா என்று அவர்களே முடிவு செய்துகொள்வார்கள்.

அந்தப் பெண்ணின் அம்மா என்னோடு பேச ஏழு மாதம் ஆனது. பெண் இப்போது கோயம்புத்தூரில் வேலையில் இருக்கிறாள். போன ஆண்டு ஒரு கூட்டத்தில் ஒற்றை எழுத்தை மட்டும் பெயராக வைத்துக்கொண்டு ஒருவர் வந்து, ஃபோலிக் அமில மாத்திரையை எப்போது தொடங்க வேண்டும் என்று மருத்துவரிடம் கேட்டார். குரல் எனக்குத் தெரிந்த குரல். நான் பெயர் சொல்லி அழைக்கவில்லை. அடுத்த கேள்விக்குப் போகலாம் என்று மட்டும் சொன்னேன்.

22 பேரில் இருவரை இன்று வரை என்னால் தொடர்புகொள்ள முடியவில்லை. ஒருவரின் எண் மாறிவிட்டது. இன்னொருவர் என் எண்ணைத் தடுத்துவைத்திருக்கிறார் என்று நினைக்கிறேன். அவர்களுடைய இரண்டு பெயர்களையும் மாதம் ஒரு முறை தேடுபொறியில் போட்டு, எங்கள் கூட்டத்தின் பெயரோடு எங்காவது வருகிறதா என்று இப்போதும் பார்க்கிறேன்.